“பக்தர்தானே, அனுசரிச்சுப் போங்க” என்கிறது நிர்வாகம். நான் என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு பக்தி சேனலில் தொகுப்பாளினி. கோயில் நிகழ்ச்சிகளும் பிரதோஷ நேரலையும் செய்கிறேன். ஒரு நேயர் “அம்மா, உங்க குரல்ல அம்பாளே பேசுறா” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார், மரியாதைக்கு நன்றி சொன்னேன். இப்போது தினமும் குரல் செய்தி, ராத்திரி பதினோரு மணிக்கு அழைப்பு, “போன ஜென்மத்து பந்தம்” என்கிறார். பிளாக் செய்தால் வேறு எண்ணில் வருகிறார். போன வாரம் நேரலை நடந்த கோயிலுக்கே புடவைத் தட்டோடு வந்து நின்றுவிட்டார். நிர்வாகம் பக்தர்தானே என்கிறது, கணவர் வேலையை விடச் சொல்கிறார். நம்பரை மாற்றிவிடவா? ஒரு தடவை உட்கார வைத்துப் பேசிப் புரியவைக்கவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய நம்பரை விட்டுவிடாதீர்கள், பேசிப் புரியவைக்கவும் போகாதீர்கள். வேலையை விடுவது பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம், ஏனென்றால் அவர் உங்களைப் பார்ப்பது திரையில் மட்டும் இல்லை, உங்கள் எண் அவரிடம் இருக்கிறது. வேலையை விட்டாலும் அது அவரிடமேதான் இருக்கும்.

நான் வழக்கறிஞர். இணையத் தொல்லை வழக்குகளில் பெண்களுக்காக ஆஜராகிறேன், அதில் பக்தி நிகழ்ச்சி செய்யும் பெண்களும் வருகிறார்கள். சினிமா, செய்தி சேனல் பெண்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் முதல் செய்தியிலேயே அசிங்கமாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். உங்கள் துறையில் அது கும்பிட்டுக்கொண்டு வருகிறது. முதலில் “அம்மா”, அப்புறம் “சகோதரி”, அப்புறம் பெயர் சொல்லி, அப்புறம் கனவு. “கனவில் அம்பாள் உங்க முகத்தோட வந்தா” என்பவரைத் திட்டினால் பக்தரை அவமதித்துவிட்டோமோ என்று நமக்கே ஒரு தயக்கம் வரும், அந்தத் தயக்கத்தில்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன. வார்த்தை எவ்வளவு பவ்யமாக இருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். அவர் உங்களிடம் எதைக் கேட்கிறார் என்று மட்டும் பாருங்கள். நிகழ்ச்சியைப் பாராட்டிவிட்டுப் போகிறவர் நேயர். பதில் கேட்கிறவர், பதில் வராவிட்டால் கோபப்படுகிறவர், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறவர் நேயர் இல்லை. உங்களுடையவர் இந்த மூன்றையும் தாண்டிக் கோயிலுக்கே வந்துவிட்டார்.

இப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் ஒரே ஒரு செய்தி அனுப்புவது. இதுவரை நீங்கள் “வேண்டாம்” என்று எழுத்தில் சொல்லியிருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பழைய இ.பி.கோ. 354 டி-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, பின்தொடர்தலைக் குற்றமாக்குகிறது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால் அது இந்தப் பிரிவில் வரும். அந்தத் “தெளிவாக” என்பதுதான் நாளைக்குக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கேள்வியாக நிற்கும். பதில் போடாமல் இருந்தேன், பிளாக் செய்தேன் என்று நாம் வாதாடலாம்தான். ஆனால் எழுத்தில் ஒரு மறுப்பு இருந்தால் அந்த வாதத்துக்கே அவசியமில்லை.

அந்தச் செய்தி இவ்வளவுதான் இருக்க வேண்டும்: “உங்கள் செய்திகளும் அழைப்புகளும் எனக்கு வேண்டாம். இனி எந்த எண்ணிலிருந்தும் எந்த வழியிலும் என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள். நான் இருக்கும் இடத்துக்கும் வராதீர்கள்.” இதில் “மன்னிக்கவும்” கிடையாது, “தயவுசெய்து” கிடையாது, “அண்ணா” கிடையாது. முக்கியமாகக் காரணம் கிடையாது. “நான் கல்யாணமானவள்” என்று எழுதினால், இந்த ஜென்மத்துக் கல்யாணம் கணக்கில் இல்லை என்று பதில் வரும். “நேரமில்லை” என்றால் எப்போது நேரம் என்று கேட்பார். காரணம் சொன்ன உடனே அது பேரமாகிவிடுகிறது. போலீசுக்குப் போவேன் என்ற மிரட்டலும் அதில் வேண்டாம், போவதானால் சொல்லாமல் போங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் ஏற்கெனவே உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றோ, உங்கள் பெயரை எழுதி வைத்துவிட்டுச் செத்துவிடுவேன் என்றோ சொல்லியிருந்தால் இந்தச் செய்தியை அனுப்பாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அனுப்பிய பிறகு ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம், ஏனென்றால் மறுப்பு கிடைத்ததும் செய்திகள் முதலில் அதிகமாகும். கெஞ்சல் வரும், சாபம் வரும், மன்னிப்பு வரும், புது எண்ணிலிருந்து “நான் அவருடைய நண்பன், அவர் மருத்துவமனையில் இருக்கிறார்” என்றுகூட வரும். நாற்பது தடவை அடித்து நாற்பத்தோராவது தடவை நீங்கள் எடுத்து “ஏன் இப்படிப் பண்றீங்க” என்று கத்தினால், அவர் காதில் விழுவது கத்தல் இல்லை, நாற்பத்தொரு தடவை அடித்தால் குரல் கேட்கும் என்பதுதான். கணவர் போனைப் பிடுங்கித் திட்டுவதும் அதே கணக்குதான், அதுவும் பதில்தான். தயவுசெய்து கணவரிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

அப்புறம் பிளாக் செய்வது பற்றி. வாட்ஸ்அப்பில் ஒருவரை பிளாக் செய்திருக்கும்போது அவர் அனுப்புவது உங்களுக்கு வரவே வராது, பிறகு பிளாக்கை எடுத்தாலும் வராது. அந்த நாட்களில் அவர் மிரட்டியிருந்தால் அது உங்கள் கையில் இருக்காது, வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் வேறு ஏற்பாடு சொல்கிறேன். இப்போதைய சிம்மை வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனுக்கு மாற்றுங்கள், வாட்ஸ்அப்பும் அந்த எண்ணோடு அங்கே போகட்டும். உங்களுக்குப் புது எண் வாங்கி, அதைக் குடும்பத்துக்கும் நெருங்கிய நாலைந்து பேருக்கும் மட்டும் கொடுங்கள். வங்கியும் ஆதாரும் பழைய எண்ணிலேயே இருப்பதால் அந்த போன் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். அதைத் தினம் ஒரு தடவை பார்க்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லை, கணவருக்கோ தம்பிக்கோ. மிரட்டலோ, வருகிறேன் என்ற பேச்சோ இருந்தால் மட்டும் உங்களிடம் சொன்னால் போதும். அவர் எழுதுவதையெல்லாம் தினமும் நீங்களே படித்துக்கொண்டு கேமரா முன்னால் சிரித்துப் பேச முடியாது.

அந்த போனில் அழைப்பொலியை அணைத்துவிடுங்கள். நீல டிக்கையும் அணையுங்கள், ஆனால் ஒன்றை கவனியுங்கள்: டிக்கை அணைத்தாலும் குரல் செய்தியைத் தட்டிக் கேட்டால் அவருக்கு மைக் அடையாளம் நீலமாகிவிடும். “கேட்டுட்டீங்க, ஆனா பதில் இல்லை” என்று அடுத்த செய்தி வருவதற்கு அதுவே போதும். குரல் செய்திகளைத் தொடாமல் விட்டு, Export chat மூலம் மீடியாவோடு மொத்த உரையாடலையும் வெளியே எடுத்து அங்கிருந்து கேளுங்கள்.

எண் அவருக்கு எப்படிப் போனது என்று கண்டுபிடிக்காமல் புது எண் வாங்கினால் அதுவும் போய்விடும். என்னிடம் வந்த ஒரு தொகுப்பாளினியின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன சேனல், நாலு பேர்தான் வேலை. கும்பாபிஷேக நேரலைக்கு விசாரிக்கிறவர்களுக்காகத் திரையின் அடியில் ஒரு எண் ஓடும். அந்த எண் அவருடைய சொந்த எண். அலுவலகத்தில் யாரும் போன் எடுப்பதில்லை என்பதால் ஒரு பண்டிகைக்கு மட்டும் என்று போட்டது, பல மாதம் ஓடியது. அதை எடுத்த பிறகும் தொல்லை கொடுத்தவர் நிற்கவில்லை. ஜிபேயில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறார், வங்கிக் கணக்கில் இருக்கும் முழுப் பெயர், இனிஷியலோடு, வந்துவிட்டது. சேனலில் அந்தப் பெண் வேறு பெயரில்தான் தோன்றுவார். முழுப் பெயரை வைத்து முகநூலில் தேடி, அக்காவின் கணக்கு, அங்கே கிரகப்பிரவேசப் படம், படத்தில் தெருப் பெயர்ப் பலகை. பிளாக் செய்த பிறகு தினமும் ஒரு ரூபாய் அனுப்ப ஆரம்பித்தார், குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி. “காணிக்கை” என்று முதல் நாள் இருந்தது. அது பதினைந்து இருபது நாளில் எங்கே போனது என்பதை இங்கே எழுத முடியாது.

ஆகவே புது எண்ணில் ஜிபே, போன்பே எதையும் இணைக்காதீர்கள். சேனல் வேலைக்கு சேனல் பெயரில் ஒரு சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், அந்த போன் அலுவலக மேஜையில் இருக்கட்டும், பதில் போடுவது சேனல் பெயரில் மட்டும். விழாக் கமிட்டிக்காரர்கள், ஒலிபெருக்கிக்காரர், ஜோதிட நிகழ்ச்சிக்கு வருகிறவர் எல்லோருக்கும் அந்த எண்தான். அந்தத் தொகுப்பாளினிக்கு எண்ணை அதிகம் பரப்பியது கோயில் வாட்ஸ்அப் குழுக்கள், ஆளாளுக்குச் சேர்த்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எண் தெரியும். வாட்ஸ்அப் Privacy-யில் Groups என்ற இடத்தில் யார் சேர்க்கலாம் என்பதைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஏற்கெனவே இருக்கும் குழுக்களில் பழைய எண்ணே இருக்கட்டும்.

நேரலை சாட்டிலும் கருத்துகளிலும் அவர் வந்தால் அதை நீங்கள் கையாளாதீர்கள். நிகழ்ச்சி நடக்கும்போது சாட்டைப் பார்க்க வேறொருவர் மாடரேட்டராக இருக்கட்டும். யூடியூபில் Hide user from channel என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் அவர் எழுதுவது மற்றவர் கண்ணில் படாது, மறைக்கப்பட்டிருக்கிறார் என்று யூடியூப் அவருக்குச் சொல்வதும் இல்லை. கருத்தை மட்டும் அழித்தால் திரும்பத் திரும்ப எழுதுவார். மறைப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கருத்துக்கு மேலே எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதியிருக்கும் இடத்தைத் தட்டினால் அந்தக் கருத்துக்கே உரிய இணைப்பு கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சேனல் பக்கத்தில் UC என்று தொடங்கும் ஐடியையும் எடுங்கள். பெயரையும் படத்தையும் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், இந்த ஐடி மாறாது. பெயரை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர்கள் பிறகு அது யார் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

கோயிலுக்கு வந்ததைப் பற்றி. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் உங்கள் வேலையின் நாள்காட்டி ஊருக்கே தெரியும். பிரதோஷம் என்றைக்கு, எத்தனை மணிக்கு நந்தி அபிஷேகம் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தாலே சொல்லிவிடலாம். நாளை மறைக்க முடியாது, ஆனால் அன்றைக்கு எந்தக் கோயில், அங்கே யார் பேசப்போகிறார் என்பதை மறைக்கலாம். முன்னோட்டத்தில் உங்கள் படத்தைப் போடாமல் கோபுரத்தைப் போடச் சொல்லுங்கள். நேரலையாக இல்லாத பதிவுகளை நீங்கள் ஊர் திரும்பிய பிறகே ஏற்றட்டும். “இன்று இந்தத் தலத்தில்” என்று பிராகாரத்தில் நின்றபடி நீங்களே இன்ஸ்டாகிராமில் போடுவதை நிறுத்திவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் குழுவின் வண்டியில்தான், உங்கள் ஸ்கூட்டியில் வேண்டாம், ஸ்கூட்டி எண் வீடியோவில் எங்காவது தெரிகிறதா என்று பழைய பதிவுகளையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய படம் கேமராமேன், ஓட்டுநர், கோயிலில் செயல் அலுவலர், வாசலில் நிற்கும் காவலர் ஆகியோரிடம் இருக்க வேண்டும். படம் எதற்கு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், குழுக்களில் பரப்பக் கூடாது. அதைப் பொதுவெளியில் போட்டால் உங்கள் மீதே அவதூறுப் புகார் கொடுக்க அவருக்கு வழி கிடைக்கும்.

அவர் மறுபடி தட்டோடு வந்தால் வாங்காதீர்கள், நின்று மறுத்துப் பேசவும் செய்யாதீர்கள், குழுவில் ஒருவர் குறுக்கே வந்து “மேடம் எதுவும் வாங்கிக்கிறதில்லை” என்று முடிக்கட்டும். நீங்கள் கூட்டமிருக்கும் பக்கமாக அலுவலக அறைக்கு நடந்துவிடுங்கள். அன்று வீட்டுக்கு நேராகப் போக வேண்டாம், பின்னால் வண்டி வருகிறதென்று தோன்றினால் காவல் நிலைய வாசலில் நிறுத்தி 112-ஐ அழையுங்கள். சேனல் முகவரிக்கு உங்கள் பெயரில் வரும் பார்சல்களை அலுவலகம் பிரிக்காமல் படம் எடுத்து வைக்கட்டும், உறையையும் அஞ்சல் ரசீதையும் தூக்கிப் போடக் கூடாது, எந்த ஊரில் எப்போது பதிவு செய்தது என்பது அதில்தான் இருக்கிறது. யார் அனுப்பியதென்று தெரியாத பிரசாதத்தைச் சாப்பிட வேண்டாம். இது அபசாரம் இல்லை, அம்பாளுக்குத் தெரியும்.

புகாருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எந்த எண், என்ன வந்தது, அப்போது கூட யார் இருந்தார், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: அவர் எண்ணைத் “தொல்லை” என்றோ “எடுக்காதே” என்றோ சேமித்திருப்பார்கள், படத்தில் அந்தப் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. சேமித்ததை நீக்கிவிட்டு, மேலே எண்ணும் ஒவ்வொரு செய்தியின் நேரமும் தெரியும்படி எடுங்கள். படம் எடுத்தாயிற்றே என்று உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், அதற்கு அசல் போன் உயிரோடு இருப்பது பெரிய பலம்.

காவல் நிலையத்துக்குச் செல்லும்போது உங்கள் மறுப்புச் செய்தியையும், அதற்குப் பிறகு வந்தவற்றையும் முதல் பக்கத்தில் வையுங்கள், பழையவை பின்னால் இருக்கட்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். 1930 என்ற எண்ணைப் பலர் இதற்கு அழைக்கிறார்கள், அது பணம் பறிபோனால் அழைக்க வேண்டியது, உங்களுக்கு 181. கோயில் வேறு மாவட்டத்தில் இருந்தது, அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சில இடங்களில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, அவரை போனில் கூப்பிட்டு எச்சரித்து முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதற்குப் பிறகு ஒரு செய்தி வந்தாலும் அதே நிலையத்துக்குத் திரும்பிப் போங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173(4) அதற்குத்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: 78-ஆவது பிரிவில் முதல் முறை தண்டனை மூன்றாண்டு வரை, ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைதான அன்றே வெளியே வந்துவிடலாம். அந்த வாரம் உங்கள் ஏற்பாடுகள் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும், தளரக் கூடாது.

நிர்வாகத்துக்கு வருகிறேன். “பக்தர்தானே” என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இல், வேலை நிமித்தம் நீங்கள் போகும் இடமும் பணியிடம்தான், அந்தக் கோயில் பிராகாரம் உட்பட. பணியிடத்தில் உங்களோடு தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் காவல் புகார் கொடுக்க விரும்பினால் உதவ வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கினாலும் நீங்கள் ஊழியர்தான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்: சேனல் சிம், சாட்டுக்கு மாடரேட்டர், போய் வர வண்டி, வெளிப்புறப் பதிவில் கூடவே ஒருவர், பார்சல் பதிவேடு. இதில் எதுவும் பெரிய செலவு இல்லை. கேட்டும் செய்யவில்லை என்பது எழுத்தில் இருந்தால் அடுத்த தடவை பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக, அவருடைய மனைவியையோ அம்மாவையோ நீங்களோ உங்கள் வீட்டாரோ தொடர்பு கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் செய்வீர்கள், குடும்பத்துக்குத் தெரிந்தால் கண்டிப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஆனால் போன ஜென்மத்து பந்தம் என்று நம்புகிறவருக்கு, நீங்களாகவே அவர் வீட்டில் பேசியது உறவு நெருங்கிவிட்டதற்கு அடையாளமாகப் படும். மனநல சிகிச்சை தேவைப்படுகிற நிலையாகவும் அது இருக்கலாம். அந்தப் பேச்சு குடும்பத்துக்குப் போக வேண்டுமானால் விசாரணை அதிகாரி மூலமாகப் போகட்டும், புகார் மனுவின் கடைசி வரியில் அதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள்.